தேவயானி சொல்லாத பதில்

நெருங்கிய நண்பரிடம் காதலைச் சொன்னபின் அவர் மனம் அந்தப் பக்கம் இல்லை என்று தெரியவரும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் சொன்னவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை மகாபாரதத்தின் ஆதிபருவம் ஒரு முழு வரலாறாகவே காட்டுகிறது. கசன், தேவயானி வரலாறு அது.

தேவர்களின் குரு பிருகஸ்பதி. அவர் மகன் கசன். மாண்டவரை எழுப்பும் சஞ்சீவினி வித்தையைக் கற்க அசுரகுரு சுக்கிராசாரியாரிடம் வந்து, ஆயிரம் ஆண்டு விரதம் ஏற்றுப் பணிவிடை செய்தான். குருவின் மகள் தேவயானிக்குப் பூவும் பழமும் கொண்டுவந்து கொடுத்தான், பாடினான், ஆடினான். இருவரும் பிரியாத தோழர்கள் ஆனார்கள். வந்த நோக்கம் தெரிந்த அசுரர்கள் அவனை மூன்று முறை கொன்றார்கள். மூன்றாம் முறை எரித்துச் சாம்பலாக்கி, மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் தந்தையிடம் அழுது அவன் உயிரை மீட்டவள் தேவயானி. கடைசி முறை குருவின் வயிற்றுக்குள் இருந்தபடியே வித்தையைக் கற்று, வயிற்றைப் பிளந்து வெளியே வந்து, இறந்துபோன குருவை எழுப்பினான் கசன்.

விரதம் முடிந்து அவன் புறப்படும்போது தேவயானி தன் மனத்தைச் சொன்னாள். குருவின் மகள் குருவைப் போலவே வணங்கத்தக்கவள். அவள் எந்த உடலில் பிறந்தாளோ அந்த உடலிலிருந்தே தானும் பிறந்துவிட்டதால் அவள் உடன்பிறந்தவள் முறை. ஆகவே இது தருமம் ஆகாது என்றான் அவன். அதோடு நிறுத்தவில்லை. இங்கே மகிழ்ச்சியாக இருந்தேன், வழிப்பயணம் நலமாக அமைய வாழ்த்து, பேச்சு வரும்போது என்னை நினைத்துக்கொள் என்றும் கேட்டான். இந்த இடத்தைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மறுப்போடு சேர்த்தே நட்பை அவன் நீட்டிக்கொண்டிருந்தான்.

தேவயானி காதில் விழுந்தது மறுப்பு மட்டும். அசுரர்கள் உன்னைக் கொன்றபோதெல்லாம் நான் காட்டிய அன்பை நினைத்துப் பார் என்று முன்பே சொல்லியிருந்தாள். இப்போது, நீ கற்ற வித்தை உனக்குப் பலிக்காது என்று சபித்தாள். தான் தருமத்தைச் சொன்னதற்கு ஆசையினால் சாபம் வந்ததே என்று அவனும் கொதித்தான். ரிஷி குமாரன் எவனும் உன் கைப்பிடிக்க மாட்டான், எனக்குப் பலிக்காவிட்டாலும் நான் கற்பிப்பவனுக்கு வித்தை பலிக்கும் என்று பதில் சாபம் கொடுத்துப் போய்விட்டான். பின்னாளில் தேவயானியை மணந்தவன் யயாதி என்னும் அரசன்.

அவள் பதிலில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. உயிரை மீட்டது அன்பினால் செய்த செயல். மறுப்பு வந்ததும் அதுவே வசூலிக்க வேண்டிய கடனாக மாறியது. இரண்டாவது இன்னும் கொடியது. அவன் மறுத்தது திருமணத்தை. அவள் அடித்தது ஆயிரம் ஆண்டு உழைப்பில் வந்த வித்தையை. காதலுக்கு வெளியே இருக்கும் ஒன்றில் கைவைத்தாள். இன்றும் மறுப்பைத் தாங்காதவர் நண்பரின் வேலையிலோ, நற்பெயரிலோ, பொதுத் தோழர்களிடமோதான் கை நீட்டுகிறார்.

இது எப்படி நேர்கிறது என்பதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவுகேடு, அதனால் புத்தி நாசம். நினைவுகேடு என்ற படிதான் இங்கே முக்கியம். இத்தனை காலம் பழகியவர் யார், எப்படிப்பட்டவர் என்பது அந்தக் கணத்தில் மறந்துபோகிறது. பண்போடு பதில் சொல்வது என்றால் அந்த நினைவு அழியுமுன் வாயைத் திறந்து, அழியுமுன்னே மூடிக்கொள்வது. அதனால் பதில் சுருக்கமாக இருப்பது நல்லது.

கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒரே ஊரில் வேலை பார்க்கும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். அவன் இரவில் செல்பேசியில் தன் மனத்தை எழுதுகிறான். "உன்னை நான் அப்படி நினைச்சதே இல்லடா" என்று அவள் எழுதுகிறாள். அவன் விரலுக்கு முதலில் வரும் பதில், "பரவாயில்ல, ஆனா ஏன்னு மட்டும் சொல்லு." பணிவாகத் தெரியும் இந்த வரி அவளைக் கூண்டில் ஏற்றுகிறது. அவள் காரணம் சொன்னால் அவன் அதை மறுப்பான். சொல்லாவிட்டால் மறைக்கிறாள் என்பான். அடுத்து வருவது, "அவசரமில்ல, நான் காத்திருக்கேன்." அவள் சொன்ன 'இல்லை'யை 'இன்னும் இல்லை' என்று இது திருத்திவிடுகிறது.

அனுப்பத் தகுந்தது இப்படி இருக்கும்: "சரி, புரியுது. மறைக்காம நேரா சொன்னதுக்கு நன்றி. எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அதனால சில வாரம் அதிகம் பேச மாட்டேன். உன் மேல கோபம் இல்ல." முதல் சொல்லிலேயே மறுப்பு ஏற்கப்பட்டுவிட்டது. மறுப்பது அவளுக்கும் எளிதாக இருந்திருக்காது, நன்றி அதற்காக. வருத்தத்தை மறைக்கவில்லை, அதே சமயம் அதை ஆற்றும் பொறுப்பை அவள் தலையில் வைக்கவுமில்லை. மௌனம் வரப்போகிறது என்று முன்னதாகச் சொல்லிவிட்டதால், பேசாத நாட்களை அவள் தண்டனையாக எண்ண வேண்டியதில்லை. "நாம எப்பவும் போல இருப்போம்" என்ற வாக்குறுதி மட்டும் இதில் கிடையாது. அன்றிரவு அவனால் அதைக் காப்பாற்ற முடியாது.

பதில் அனுப்பிய பிறகு இரவு பதினோரு மணிக்குச் சோகப்பாட்டை ஸ்டேட்டஸாக வைப்பது அந்தப் பதிலையே அழித்துவிடும். சங்க காலத்தில் காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையேறி ஊர் நடுவே வருவதை மடலேறுதல் என்றார்கள். அப்படி ஏறிவிட்டதைத் தொல்காப்பியம் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைத்தது. தன் வலியை ஊருக்குக் காட்டி ஒருவரின் மனத்தை வளைக்கப் பார்ப்பது அன்றும் அகத்தின் நடுவில் இடம் பெறவில்லை. அழ வேண்டும் என்றால் அழுவதுதான் சரி. அதற்கு அண்ணனோ அத்தையோ வேறு தோழனோ இருக்கட்டும். பொதுத் தோழர்களிடம் சொல்வதற்கு முன் அவளுக்கும் அதில் பாதி உரிமை உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர் தெளிவாகச் சொல்லாமல் மௌனம் காத்தால் என்ன செய்வது? ஒரு முறை மட்டும், "பதில் சொல்லாம இருந்தாலும் புரிஞ்சுக்கறேன், சங்கடப்பட வேண்டாம்" என்று சொல்லி விலகிவிடலாம். இரண்டாம் முறை கேட்பது நெருக்கடி. மறுப்பு கேலியாகவோ பிறர் முன்னிலையிலோ வந்தால் நன்றி சொல்ல வேண்டிய கடமை இல்லை. சரி என்ற ஒரு சொல் போதும். அங்கே பதில் சாபத்தைத் தவிர்த்தாலே பண்பு நின்றுவிடுகிறது.

மறுபடி பழகலாமா என்பதற்கு அடையாளம் ஒன்று இருக்கிறது. நண்பர் வேறொருவரைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசும்போது முழுதும் கேட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவரிடமிருந்து செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதில் மறைபொருள் தேடினால் காத்திருப்பு முடியவில்லை. அப்போது தூரத்தை இன்னும் சிறிது நீட்டிப்பதும், அதை அவரிடம் சொல்லிவிடுவதும் நேர்மை. சிலருக்கு அந்த நட்பு பழைய நெருக்கத்தோடு திரும்புவதே இல்லை. அப்படியானாலும் கல்யாணப் பத்திரிகை வரும் நாளில் வாழ்த்து அனுப்ப முடியும்; பந்தியில் உட்கார மனம் இடம் கொடுக்காவிட்டால் போகாமல் இருக்கலாம், அதற்குப் பொய்க் காரணம் தேவையில்லை.