மடு மண்ணும் இரண்டு நிமிட சாட்சியும்

மன்னார்ப் பெருநிலத்துக் காட்டுக்கு நடுவே இருக்கிறது மடு மாதா திருத்தலம். 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரின் அடக்குமுறைக்குத் தப்பி, மாந்தையிலிருந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்களால் உருவான தலம் அது. ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்களில் பலர் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வருவார்கள். பாம்புக்கடிக்கு அந்த மண் காவல் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

“உங்கள் மன்றாட்டுக் கேட்கப்பட்ட அனுபவத்தை வீடியோவாக அனுப்புங்கள்” என்று ஒரு பங்கோ சபையோ பார்வையாளர்களை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயலில் பாம்பு கடித்த ஒருவர், மடு மண்ணைக் குழைத்துப் பூசி மன்றாடினேன், மாதா காப்பாற்றினா என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படியே வெளியிடலாமா?

கூடாது. கடிக்கிற பாம்பு ஒவ்வொரு முறையும் நஞ்சை இறக்குவதில்லை. நஞ்சு இறங்காத கடியில் மண் பூசினாலும் பூசாவிட்டாலும் ஆள் பிழைப்பார். மறுபக்கம், நிலத்தில் பாய் போட்டுத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும் கட்டுவிரியன் பெரிய வலியோ வீக்கமோ காட்டாமல் இருந்துவிடும்; சில மணி நேரம் கழித்துக் கண்ணிமை சரியும், பிறகு மூச்சு முட்டும். அந்த வீடியோவைப் பார்த்தவர், “ஒன்றும் செய்யவில்லை, மண் கேட்டுவிட்டது” என்று விடியும்வரை வீட்டிலேயே இருந்து இறந்தால், அந்தச் சாவில் வெளியிட்டவருக்கும் பங்கு உண்டு.

அதனால் வெளியிடுமுன் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பு என்பது மாதா காப்பாற்றினாரா என்று விசாரிப்பதல்ல. அது சாட்சி சொல்பவரின் விசுவாசம். அதை அளக்கக் கருவி கிடையாது. அளக்கக்கூடியது காலமும் சிகிச்சையும்தான். கடித்தது எத்தனை மணிக்கு, மண் பூசியது எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போனது எப்போது? அங்கே சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார்களா? உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு உடம்பில் ஏறியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்களா? பெரும்பாலும் ஆஸ்பத்திரி கொடுத்த டயக்னோசிஸ் காட்டிலேயே இதற்கு விடை இருக்கும். அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படம் பிடித்து வைக்கத் தேவையில்லை. மருந்து ஏற்றியிருந்தால், அதை அவர் வாயாலேயே சொல்லி மறுபடி பதிய வேண்டும். வீடியோவுக்குக் கீழே சிறிய எழுத்தில் போடும் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

இப்படிக் கேட்பது விசுவாசியை அவமதிப்பதாகச் சிலருக்குத் தோன்றும். பிரான்சின் லூர்து தலத்தில் மருத்துவர்களின் பணியகம் ஒன்றே இதற்காக இருக்கிறது. அங்கே பதிவான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமடைதல்களில் திருச்சபை புதுமை என்று அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். மற்றவர்களின் நன்றியறிதலை அங்கே யாரும் பொய் என்று சொல்லவில்லை.

சம்மதம் இதைவிடச் சிக்கலானது. நன்றி பொங்கும் நேரத்தில் மனிதர் எதற்கும் “ஓம்” என்பார். அதனால் பதிந்த அன்றே கையெழுத்து வாங்கக் கூடாது. ஒரு வாரமாவது போகட்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத்தையும் மத நம்பிக்கையையும் விசேட வகைத் தரவாகவே பார்க்கிறது. ஒரு சாட்சி வீடியோவில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. படிவத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்: “இந்த வீடியோவை யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் போடுவோம். உங்கள் முகமும் குரலும் தெரியும். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் ஏழு நாளுக்குள் எங்கள் பக்கங்களிலிருந்து எடுத்துவிடுவோம். அதற்குள் மற்றவர்கள் இறக்கி வைத்ததை எங்களால் அழிக்க முடியாது. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் உங்களுக்காக மன்றாடுவோம்.” கடைசி வரியைப் பலர் தேவையற்றது என்பார்கள். செபமும் உதவியும் நின்றுவிடும் என்ற பயத்தில் தரும் சம்மதம் சம்மதமாகாது என்பதால் அது வேண்டும். நான்காவது வரி நேர்மைக்காக. வாட்ஸ்அப்பில் பரவியதைத் திரும்பப் பெற வழியில்லை.

இன்னொருவர் கதையும் உள்ளே வந்துவிடும். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மன்றாடிய தாய் பேசும்போது, மருமகனின் பரிசோதனை முடிவும் வெளியே வருகிறது. தாயின் கையெழுத்து அவர்கள் இருவரையும் கட்டுப்படுத்தாது. அவர்களிடமும் கேட்க வேண்டும். மறுத்தால் அந்தப் பகுதியை வெட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. “சுகமானால் சாட்சி சொல்வேன் என்று நேர்ந்துகொண்டேன். நீங்கள் தடுத்தால் என் நேர்த்தி என்னாவது?” என்று ஒருவர் கேட்கலாம். நேர்த்திக்கடனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் நேர்ந்தது மாதாவிடம், யூடியூப்பிடம் அல்ல. பூசை முடிந்து பங்கு மக்கள் முன்னால் நின்று சொன்னாலும் அது நிறைவேறும். அங்கே கேட்பவர்களுக்கு அவரைத் தெரியும், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் தெரியும். சந்தேகம் இருந்தால் வாசலிலேயே கேட்டுக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவரின் கைக்குப் போகும் வீடியோவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அதை முன்கூட்டியே கேட்டுவைக்க ஒருவரை அமர்த்த முடியாத பங்கு, அழைப்பு விடாமல் இருப்பதே முறை.