30 நொடி உன் கையில், தம்பி!

பங்காருபேட்டையில் பானிபூரிக் கடை வைத்திருக்கும் தம்பியே, ஊர் பேர் சொல்லும் சரக்கு உன் அண்டாவில் இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறாய்? "வணக்கம் நண்பர்களே, நம்ம கடைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று நீ முடிப்பதற்குள் பார்ப்பவனின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குத் தாவியிருக்கும். அவன் யார் தெரியுமா? 2001-இல் தங்கவயல் சுரங்கம் மூடிய பிறகு, விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரு போய் இருட்டியபின் திரும்புகிறவர்களில் ஒருவன். களைத்தவனிடம் வரவேற்புரை வாசிக்காதே. எடுத்த எடுப்பில் அடி!

வெறும் தண்ணீர்போல் தெரியும் பானியை டம்ளரில் தூக்கிக் காட்டு. "பார்த்தா பச்சத் தண்ணி. குடிச்சா கண்ணுல தண்ணி!" ஆறு சொல், மூன்று நொடி. இதுதான் கொக்கி.

அடுத்து ஒரே சேதி: "மத்த ஊர்ல பானி பச்சையா இருக்கும். புதினா, கொத்தமல்லி அரைச்சு ஊத்துவாங்க. நம்ம பங்காருபேட்டை பானி கண்ணாடி மாதிரி. டம்ளருக்குப் பின்னால என் விரல் தெரியுது பாருங்க. காரம் இருக்கு, புளிப்பு இருக்கு, நிறம் மட்டும் இல்ல!"

இங்கேதான் நாக்கு அரிக்கும். தாத்தா காலத்துக் கடை, சுத்தமான எண்ணெய், விலை குறைவு என்று எல்லாவற்றையும் திணிக்கத் தோன்றும். வெட்டு! அவை அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும், வெட்டு! ஒவ்வொன்றும் தனி வீடியோவாகட்டும்.

முடிவில் ஒரே வேலை சொல்: "சாயங்காலம் ஸ்டேஷன்ல இறங்கினதும் ஒரு பிளேட் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க." லைக் போடு, ஷேர் பண்ணு, போன் பண்ணு என்று மூன்றைக் கேட்டால் அவன் ஒன்றையும் செய்யமாட்டான்.

எண்ணிப் பார், மொத்தம் 41 சொல். நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல் வரும். ஆக 20 நொடிதான் பேச்சு. மிச்சத்தையும் சொல்லால் அடைக்காதே. பானி ஊற்றுவதற்கும், பூரி உடையும் 'கரக்' சத்தத்துக்கும் அந்த 10 நொடி வேண்டும். உரக்கப் படித்துப் பார்க்கும்போது மூச்சு வாங்கினால் நடுப்பகுதியில் வெட்டு; சதை அங்கேதான் இருக்கிறது, கொக்கியைத் தொடாதே.

பிறகு, உன் கடையை அறியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேள். "நல்ல கடை" என்றால் தோற்றாய், திரும்ப எழுது! "அங்க பானிக்கு நிறமே இல்லையாம்" என்றால் வென்றாய். அதே சூட்டில் கன்னடத்திலும் ஒன்று எடு. தமிழை அப்படியே மாற்றாதே. கொக்கியைக் கன்னடத்திலேயே யோசி, நொடியை மறுபடி அள.