பையில் வைக்கும் சீட்டு

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக் கொல்கத்தாவுக்குக் கிளம்பும் லாரி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். லோடு இறக்கியதும் திரும்பிவிட முடியாது. ரிட்டன் லோடு கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த லைனுக்குத்தான் போகிறார். ஒவ்வொரு முறையும் அவர் பையில் ஒரு சீட்டு வைத்து அனுப்புவேன்.

போன் இருக்கும்போது சீட்டு எதற்கு என்பார் என் மாமியார். போன் நமக்குத் தோன்றும் நேரத்தில் அடிக்கும். அப்போது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாம். சீட்டு அப்படியல்ல. வண்டி நின்றபிறகுதான் அதைப் படிக்க முடியும். ஆர்.சி. புக், பர்மிட் உள்ள உறையில் வைத்தால் செக்போஸ்ட்டில் காகிதம் உருவும்போது எங்காவது விழுந்துவிடும். அதனால் பையின் அடியில் இருக்கும் கைலி மடிப்பில் வைப்பேன். மேலே இருப்பவை அழுக்கான பிறகு, வீட்டு நினைப்பு வரும் நாளில், கைக்கு வரும். ஜெல் பேனா மை ஈரத்தில் ஓடிவிடும் என்பதால் சாதாரண பால்பாயிண்ட்தான்.

என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கு யோசனை. "சீக்கிரம் வந்துடுங்க" என்றுதான் முதலில் எழுத வரும். பாசமான வரிதான், ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க வைக்கிற வரி. சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலைதான் என்கிறது. ரோட்டில் அதை யார் பார்க்கிறார்கள்? கண் சொருகும் விடியற்காலை இரண்டு மணிக்கும் ஓட்டுகிறார்கள். விரட்டுவது லாரி ஓனர் மட்டுமல்ல; வீட்டில் கட்ட வேண்டிய தவணையும்தான். ஓனரின் அவசரத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு அவசரத்தைக் குறைக்க என்னால் முடியும்.

போன தடவை இப்படி எழுதினேன்: "மாமா, சின்னவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சு. குழுக் கடனும் இந்த மாசம் கட்டியாச்சு. சுகர் மாத்திரை சாப்பிட்டதும் போடுங்க. தூக்கம் வந்தா பங்க்குல வண்டிய ஓரங்கட்டிப் படுங்க. லேட்டானா படி குறையட்டும், நான் பாத்துக்கறேன்."

கடைசி வரியை நம்ப வைப்பது முன்னால் இருக்கும் இரண்டு கணக்குகள்தான். கையில் ரசீது இல்லாமல் வெறுமனே "கவலைப்படாதீங்க" என்று எழுதினால் அவர் இன்னும் கவலைப்படுவார். கட்டாததைக் கட்டியாச்சு என்று எழுதுவது அதைவிட மோசம். ஒருதடவை சாயம் வெளுத்துவிட்டால் அடுத்த சீட்டை நம்பமாட்டார். மாமியாரின் முட்டிவலி, ஓட்டு ஒழுகல் எதையும் எழுதுவதில்லை. அங்கிருந்து அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

லைனுக்கு ஆளை அனுப்புகிற பெண்களுக்குச் சொல்கிறேன்: கட்டி முடித்ததை எழுதுங்கள், பாக்கியை அவர் வந்து இறங்கியபிறகு பேசிக்கொள்ளுங்கள்.