கும்பிடு எமோஜி

துக்க வீட்டில் நாம் பேசுவது மிகக் குறைவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்திருப்பவரின் கையைத் தொட்டு, பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் சேரில் பத்து நிமிஷம் இருந்துவிட்டு, 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம். துக்கம் 'சொல்வது' என்று தமிழில் இல்லை. கேட்பது, விசாரிப்பது என்றுதான் இருக்கிறது. அங்கே போய் நிற்கும் உடம்புதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது.

கூடுவாஞ்சேரி மாதிரி ஊரில் அந்த உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவது கஷ்டம். ஜிஎஸ்டி ரோட்டின் இரண்டு பக்கமும் அபார்ட்மெண்டில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் தெற்கே எங்கேயோ இருக்கிறது. அப்பாவுக்கு முடியலை என்று போன் வந்தால் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். மறுநாள் மதியம் அங்கே எல்லாம் முடிந்துவிடும். ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் நாம் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆகவே நம்மிடம் மிஞ்சுவது ஒரு மெசேஜ். அதை டைப் பண்ணி முடித்த பிறகு, விரல் தானாகவே மஞ்சள் முகங்கள் இருக்கும் பட்டனுக்குப் போகிறது. கை தொடுவதற்கும் பக்கத்தில் உட்கார்வதற்கும் பதிலாக ஏதோ ஒன்றை அங்கே வைக்கத் தேடுகிறோம். எமோஜி பொருத்தமா இல்லையா என்று கேட்பதைவிட, நாம் அனுப்பும் எமோஜி இந்த வேலையைச் செய்கிறதா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

என் டீமில் ஒருவரின் அப்பா தவறியபோது குரூப்பில் வந்தவை: பதினொரு 🙏, நான்கு 😢, ஒரு 💐, இரண்டு ❤️, அவர் லீவு கேட்ட வரிக்கு மேலிடத்திலிருந்து ஒரு 👍. கடைசியைப் பார்த்து எல்லோரும் கொஞ்ச நேரம் அமைதியானோம். 'லீவு ஓகே' என்பதைத் தவிர அவர் வேறெதுவும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் லீவும் சாவும் ஒரே மெசேஜில் இருந்தன. கட்டைவிரல் எதைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது என்று ரியாக்‌ஷனில் காட்ட வழியில்லை. அது வாக்கியத்தின் மீது அல்ல, மெசேஜ் முழுவதன் மீதும் ஒட்டிக்கொள்கிறது. ஃபேஸ்புக் 2016-இல் சோக முகத்தையும் மற்றவற்றையும் கொண்டுவந்தது இந்தச் சங்கடத்துக்காகத்தான்: மரணச் செய்திக்குப் போய் லைக் போடுவது எப்படி?

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு முக எமோஜிக்கும் கை எமோஜிக்கும் இடையில் இருக்கிறது. 😢 ஒரு தகவல்: 'என் முகம் இப்போது இப்படி இருக்கிறது.' அனுப்பியவர் தாம்பரம் லோக்கலில் நின்றுகொண்டு அடுத்த ரீலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கலாம். 'ஆழ்ந்த இரங்கல்' மட்டும் உண்மையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சொற்றொடர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் தேய்ந்து தேய்ந்து இப்போது யாருடைய ஆழத்தையும் அளப்பதில்லை. அது ஒரு முறை, மொய் எழுதுவது மாதிரி. தேயாத முகம் இன்னமும் ஒரு சாட்சியாகவே நிற்கிறது. இன்னொரு சிக்கல், அந்த முகம் பார்ப்பவரின் கவனத்தை நம் பக்கம் திருப்புகிறது: நான் அழுகிறேன், பார்.

🙏 அப்படி இல்லை. அது அனுப்புகிறவரின் நிலையைச் சொல்லாமல், எதிரே இருப்பவரை நோக்கி ஒரு செயலைச் செய்கிறது. கும்பிடுவதற்கு உள்ளே அழுகை இருந்தாக வேண்டியதில்லை. இதன் பூர்வீகம் ஜப்பான் மொபைல் கம்பெனிகளின் எமோஜித் தொகுப்பு. அங்கே தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும் என்ற மூன்றுக்கும் இதே கைதான். 2010-இல் யூனிகோட் 6.0-இல் சேர்ந்தபோது U+1F64F என்ற எண்ணும் `PERSON WITH FOLDED HANDS` என்ற பெயரும் வைத்தார்கள். பெயரில் வணக்கமும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. கூப்பிய கைகள் மட்டும்தான். அர்த்தத்தை நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

அந்த அர்த்தம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தனியாக வந்தால் அஞ்சலி. 'அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும் 🙏' என்றால் பிரார்த்தனை. அதே கையை வேலை சம்பந்தமான வரிக்குப் பின்னால் போட்டுப் பாருங்கள்:

'புதன்கிழமை ரிலீஸ் நான் பாத்துக்கறேன், அந்த டாக்குமெண்ட் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க 🙏'

இப்போது அது கெஞ்சல். சுடுகாட்டிலிருந்து திரும்பியவரிடம் 'ப்ளீஸ்' என்று நிற்கிறது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட மெசேஜ்தான், கடைசி எழுத்தில் திரும்பிக்கொண்டது. மூன்று தடவை போடுவதும் மரியாதையைக் கூட்டுவதில்லை. திரையை வாசிக்கும் செயலியில் கேட்பவருக்கு அது ஒரே பெயர் மூன்று தடவை ஒலிப்பது, அவ்வளவே.

கண்ணீர் முகங்களில் வேறொரு ஆபத்து. 😂, 😭 இரண்டிலும் கண்ணீர் இருக்கிறது. முதலாவதில் கண்ணோரம் ஒவ்வொரு துளி, வாய் சிரிப்பாக விரிந்திருக்கும். இரண்டாவதில் தாரை கன்னம் வரை இறங்கும். நோட்டிஃபிகேஷன் அளவில், வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாத ஒரு பெரியப்பாவுக்கு இரண்டும் நீர் வழியும் மஞ்சள் வட்டம்தான். மரணச் செய்திக்குக் கீழே 😂 போடும் பெரியவர்களை எல்லாக் குடும்பக் குரூப்பிலும் பார்க்கலாம். அவர்கள் அழுதுகொண்டுதான் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன் LOL என்பதை 'நிறைய அன்புடன்' என்று நினைத்துக் கையெழுத்து மாதிரி போட்டுவந்தார் என்று 2012-இல் ஒரு விசாரணையில் வெளிவந்தது. பெரியப்பாவும் பிரதமரும் ஒரே கட்சி. இதற்கு நேர்மாறாக, இருபது வயதுக்காரர்கள் 😭 போட்டுச் சிரிக்கிறார்கள். ஒரே டீமில் இந்த இரண்டு தலைமுறையும் இருந்தால், முகங்களை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

'எல்லாம் ஒரு பட்டனுக்குள் வந்துவிட்டது, அந்தக் காலம் மாதிரி இல்லை' என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2013 ஜூலையில் தந்தி நிற்கும் வரை, வாழ்த்துத் தந்திகளுக்கு எண்கள் இருந்தன. கவுண்டரில் எண்ணைச் சொன்னால் போதும், அச்சான ஆங்கில வாக்கியம் கல்யாண வீட்டுக்குப் போய்விடும். அதைக் கல்யாண வீட்டில் மைக்கில் வாசித்துப் பெருமைப்பட்டவர்கள்தான் நாம். ஆயத்தச் சொல் என்பதால் ஒன்று போலியாகிவிடுவதில்லை. தந்தியில் வாக்கியம் கடன் வாங்கியது, ஆனால் அதற்காக ஆபீஸ் வரை நடந்து, காசு கட்டிய சிரமம் அனுப்பியவருடையது. எமோஜியில் குறைவது அந்தச் சிரமம். ஆகவே சிரமத்தை வேறு எங்காவது காட்ட வேண்டும்.

எங்கே? அன்று வந்தவற்றில் எனக்குப் பிடித்தது இது, வேறொரு சக ஊழியர் அவருக்குத் தனியாக அனுப்பி, பிறகு என்னிடம் காட்டியது:

'அப்பா தவறிட்டார்னு பாத்தேன். போன தீபாவளிக்கு அவர் குடுத்தனுப்புன அதிரசத்தை நான்தான் அதிகமா சாப்பிட்டேன். புதன் ரிலீஸ் என்கிட்ட இருக்கு, லேப்டாப்பைத் திறக்காதீங்க. இதுக்குப் பதில் போட வேணாம்.'

நான்கு வரி. இறந்தவரைப் பற்றி ஒரு விஷயம், இருப்பவரின் தலையிலிருந்து இறக்கிவைத்த ஒரு சுமை, பதில் சொல்லும் கடமையிலிருந்து ஒரு விடுதலை. இதன் பின்னால் 🙏 இருந்தாலும் கெடாது, இல்லாவிட்டாலும் குறையாது. ஆனால் கடைசி வரிக்குப் பின்னால் போட்டால் மறுபடியும் 'ப்ளீஸ்' ஆகிவிடும். முதல் வரிக்குப் பின்னால் என்றால் சரி. அதிரசம் தெரியாதவர் என்ன செய்வது? தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வேண்டாம். வெறும் 🙏 போடலாம். கூட்டத்தில் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் போகிறவருக்கும் துக்க வீட்டில் இடம் உண்டுதானே.

எமோஜி நிஜமாகவே பயன்படுவது மறுமுனையில் இருப்பவருக்கு என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் அந்தச் சக ஊழியர் ஒவ்வொரு மெசேஜையும் அழுத்திப் பிடித்து 🙏 வைத்துக்கொண்டே வந்தார். வாட்ஸப் 2022-இல் ரியாக்‌ஷனைக் கொண்டுவந்தபோது வைத்த முதல் ஆறில் அந்தக் கையும் இருந்தது. அது இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் 'நன்றி' என்று டைப் பண்ணியிருப்பார், யாருக்கு விட்டுப்போனது என்று எண்ணியிருப்பார். இப்போது, வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்காமலேயே கைகூப்புகிற மாதிரி, பேசாமல் முடித்துவிட்டார். மேலிடத்துக் கட்டைவிரல் இருந்த மெசேஜ் அவருடையதே என்பதால், அதற்கு அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.