மேட்ச் ஆனவர் தெரிந்தவரா?

டேட்டிங் செயலியில் மேட்ச் ஆகி நான்கு நாள். சந்திப்பதா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அம்மாவுடன் ஜவுளிக்கடையில் நிற்கும்போது எதிரே அவன். அவனைப் பார்த்துச் சிரிக்க அவள் கடமைப்பட்டவளா?

தெரிந்தவரிடம் பேசாமல் போவதற்குக் காரணம் வேண்டும், தெரியாதவரிடம் பேசுவதற்குக் காரணம் வேண்டும் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதினார். மேட்ச் ஆனவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். திரையில் வலப்பக்கம் தள்ளியபோது அவள் சம்மதித்தது செய்தி பரிமாற மட்டுமே. எங்கே, எப்போது, யார் முன்னால் சந்திப்பது என்பதற்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. "நீங்கதானே அந்த ஆப்ல…" என்று அவன் தொடங்கினால், வீட்டில் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். இழப்பு சமமாக இல்லாதபோது, காத்திருக்கும் கடமை இழப்பு குறைந்தவருக்கே.

அதற்காக அவன் மனிதனே இல்லை என்றாகிவிடாது. "யாரென்று தெரியாது" என்ற பொய் வேண்டாம். சின்னத் தலையசைப்பு போதும், அதுவும் முடியாவிட்டால் நகர்ந்துவிடலாம். விரும்பினால் இரவில் எழுதலாம்: "இன்று உங்களைப் பார்த்தேன். அம்மா கூட இருந்தார், அதனால் பேசவில்லை."

அவன் பதிலைக் கவனிக்க வேண்டும். "புரிகிறது" என்றால் பேச்சு தொடரலாம். "ஏன் கண்டுகொள்ளவில்லை?" என்று திரும்பத் திரும்பக் கணக்குக் கேட்டாலோ, மறுநாள் அதே தெருவில் நின்றாலோ, அவன் அந்த மேட்சை உரிமையாக எடுத்துக்கொண்டுவிட்டான். அப்போது மேட்சை நீக்கிவிடலாம். பல செயலிகளில் உரையாடலும் அதோடு மறைந்துவிடும். புகாருக்குத் தேவைப்படலாம், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும்.