யார் செய்ய வேண்டும்?

ஆங்கில அரசாணையைத் தமிழாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, அதில் எத்தனை 'பட' இருக்கப் போகிறது என்பதைத்தான். செய்யப்பட, நடத்தப்பட, கருதப்பட, அறிவுறுத்தப்பட. ஒரு வாக்கியத்தில் ஆறு 'பட' வந்துவிட்டால் வாசிக்கிறவர் நாலாவதிலேயே கையை விட்டுவிடுவார். அதைப் பிரித்து, உடைத்து, நாம் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது ஒரு கைவேலை. கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகாமல் இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிற கேள்வி வேறு. ஆங்கிலக் கடிதம் சொல்லாமல் விட்ட ஆளை, தமிழ் நன்றாக ஓட வேண்டும் என்பதற்காக நான் கொண்டுவந்து நிறுத்தலாமா?

எங்கள் ஊர் அலங்காநல்லூர் என்பதால் எனக்கு வாய்த்த உதாரணமும் மாட்டைப் பற்றியதுதான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2016 ஜனவரி 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையை வைத்துக்கொண்டே, ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்த அறிவிக்கை அது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. ஊரில் எல்லார் கையிலும் அதன் நகல். மாடு வளர்க்கிற என் பெரியப்பாவும் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "தம்பி, நம்ம என்ன செய்யணும், அவிங்க என்ன செய்யணும்னு மட்டும் தனித்தனியாச் சொல்லு" என்றார். மொழிபெயர்ப்பு பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அறிவிக்கையின் கடைசி நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்:

"மேலும், அவ்வாறு ஏற்பாடு செய்யப்படும் ஜல்லிக்கட்டு அல்லது மாட்டுவண்டிப் பந்தய நிகழ்வு எதுவும், உரிய மாவட்ட அதிகார அமைப்புகளின் முன் ஒப்புதலுடன் நடத்தப்பட வேண்டும் என்பதோடு, அதே நிகழ்வானது, அதன்போது எவ்விதத்திலும் தேவையற்ற வலியோ துன்பமோ இழைக்கப்படாமலும் ஏற்படுத்தப்படாமலும் இருப்பது உறுதிசெய்யப்படும் வகையில், மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கம் மற்றும் மாநில விலங்குகள் நல வாரியம் அல்லது, நேர்வுக்கேற்ப, மாவட்ட அதிகார அமைப்புகளால் முறையாகக் கண்காணிக்கப்பட வேண்டும்."

ஆறு 'பட'. ஆனால் இதைப் படிக்க முடியாததற்கு அது மட்டும் காரணமில்லை. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். கண்காணிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் யாரால், எதற்காக என்ற வால் நீளும். தமிழில் வினை கடைசியில். வால் முழுவதும் தலைக்கு முன்னால் வந்து நிற்கிறது. யார், எதை, எப்படி என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வாசகர் வினையைத் தேடிப் போக வேண்டும். அதனால் முதல் வேலை வெட்டுவது. ஒரு கடமைக்கு ஒரு வாக்கியம்.

வெட்டிய பிறகு ஒவ்வொரு வினையிடமும் "யாரு?" என்று கேட்கிறேன். நடத்துவது விழாக்காரர்கள். கண்காணிப்பது யார் என்பதை மூலமே சொல்கிறது. 'ஆல்' உருபில் ஒளிந்திருக்கிறவரை எழுவாயாக்கினால் போதும்:

"மாவட்ட அதிகாரிகளிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கித்தான் ஜல்லிக்கட்டோ மாட்டுவண்டிப் பந்தயமோ நடத்த வேண்டும். அதை மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் மாநில விலங்குகள் நல வாரியமும், அல்லது நேர்வுக்கேற்ப மாவட்ட அதிகாரிகளும், முறையாகக் கண்காணிக்க வேண்டும். நிகழ்ச்சியின்போது யாரும் எந்த வகையிலும் தேவையில்லாமல் வலியோ துன்பமோ கொடுக்காதபடி கண்காணிப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்."

இரண்டாவது வாக்கியத்தில் 'அதை' முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். செயப்பாட்டு வினையை விட்டால் பேசுபொருள் பின்னுக்குப் போய்விடுமே என்று சிலர் பயப்படுவார்கள். ஆங்கிலத்தில் அது நியாயமான பயம். தமிழில் 'ஐ' போட்டு முன்னால் வைத்துவிட்டால் பேசுபொருள் அங்கேயே இருக்கும், செய்கிறவரும் இருப்பார். 'மாடு பிடிக்கப்பட்டது' என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'மாட்டை அந்தப் பையன்தான் பிடிச்சான்.' வேற்றுமை உருபு இருக்கிற மொழிக்கு இது ஒரு சொத்து. (செயப்பாட்டு வினையே தமிழுக்கு அந்நியம் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது நம்முடையதுதான். சாம்பார் மாதிரி எல்லாவற்றிலும் ஊற்றுவதுதான் பிரச்சினை.)

'நேர்வுக்கேற்ப' என்பதை நான் தொடவில்லை. எந்த நேர்வில் யார் என்று மூலம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இப்போது 'வலி கொடுக்காதபடி' என்ற இடம். இதையே 'வலி ஏற்படாதபடி' என்று எழுதினால் இன்னும் சரளமாக இருக்கும். 'பட' சத்தமும் குறையும். செய்தித்தாள் தமிழ் அப்படித்தான் எழுதும். ஆனால் மூலத்தில் இருக்கிற இரண்டு வினைகளுமே ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற வினைகள். 'ஏற்படும்' என்றால் மழை பெய்கிற மாதிரி வலி தானாக வந்து போகும். இழைக்கப்படும் என்ற செயப்பாட்டு வினையிலாவது எங்கோ ஒரு கை இருக்கிறது, பெயர்தான் இல்லை. ஏற்படும் என்பதில் கையே இல்லை. தமிழின் தன்வினைகள் கேட்க இனிமையானவை: உடைந்தது, தாமதமானது, தவறு நடந்துவிட்டது. ஆளை மறைப்பதில் செயப்பாட்டு வினையைவிட இவை கெட்டிக்காரத்தனமானவை.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியத்தின் வினையியல் ஒப்புக்கொள்கிறது. உரையாசிரியர்கள் அதற்குத் திண்ணையை உதாரணம் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் குனிந்து மெழுகியிருப்பார், வினை மட்டும் திண்ணையின் பெயரில் நிற்கும். வீட்டுப் பேச்சில் அது அழகு. அரசாணையில் மெழுகியவருக்குக் கூலி யார் தருவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அடுத்தது, எங்கள் ஊரே சிரித்த நிபந்தனை. காளை வாடியை விட்டு வெளியேறியதும் 15 மீட்டர் ஆரத்துக்குள் 'அடக்கப்பட வேண்டும்'. பெரியப்பா கேட்டார்: "அடக்கலேன்னா தண்டனை யாருக்கு, மாட்டுக்கா?" நல்ல மாடு என்றால் அடங்காதது என்றுதானே அர்த்தம். '15 மீட்டருக்குள்தான் அடக்கலாம், தாண்டினால் விட்டுவிட வேண்டும்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். எழுதியவர்களின் நோக்கமும் அதுவாக இருக்கலாம். ஆனால் அது விளக்கம். 'வேண்டும்' என்பதை 'லாம்' ஆக்குவது மொழிபெயர்ப்பவரின் வேலை இல்லை. "வெளியேறிய காளையை 15 மீட்டர் ஆரத்துக்குள் அடக்கிவிட வேண்டும்" என்று எழுதி, மூலத்தின் அசட்டுத்தனத்தை அப்படியே விட்டேன். இன்னொன்று: இந்த இடத்தில் பலர் '15 மீட்டர் சுற்றளவு' என்று எழுதுகிறார்கள். 15 மீட்டர் சுற்றளவு உள்ள வட்டத்தின் ஆரம் இரண்டரை மீட்டர்கூட வராது. அதற்குள் மாடு திரும்பவே முடியாது.

உண்மையில் கை நிற்கிற இடம் இதற்கு அடுத்த உட்பிரிவு. காளைகளைக் கால்நடைத் துறையினர் சோதிக்க வேண்டும், ஊக்கமருந்து எந்த வடிவிலும் கொடுக்கப்படாமல் இருக்க வேண்டும், இவை இரண்டையும் 'உறுதிசெய்' என்று அது தொடங்குகிறது. யார் உறுதிசெய்வது? எழுவாயே இல்லை. ஆங்கில இலக்கணப்படியே அந்தரத்தில் தொங்குகிற வினை அது. சோதிப்பது கால்நடைத் துறை. அந்தச் சோதனை நடந்ததா என்று பார்க்க வேண்டியவர் யார் என்பதற்குத்தான் பதில் இல்லை. 'உறுதிசெய்யப்பட வேண்டும்' என்று எழுதிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். அரசுத் தமிழ் மாதிரியே இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

இயல்பான தமிழ் வேண்டுமென்றால் இன்னொரு வழியும் உண்டு. 'காளைக்கு ஊக்கமருந்து கொடுக்கக் கூடாது.' சின்ன வாக்கியம், சுத்தமான தமிழ், பஸ்ஸில் எழுதி ஒட்டலாம். நான் இதை எழுதிக் காட்டியிருந்தால் பெரியப்பாவுக்கு முகம் மாறியிருக்கும். ஏனென்றால் அந்த வாக்கியம் அவரைப் பார்த்துப் பேசுகிறது. கொடுக்கக் கூடியவர் மாட்டுக்காரர்தானே. மூலத்திலோ கடமை, கொடுக்கப்படவில்லை என்று உறுதிசெய்ய வேண்டியவர் மேல் இருக்கிறது, அவர் யாராக இருந்தாலும். 'உறுதிசெய்' என்ற ஒரு சொல் நீளம் கருதி உதிர்ந்தால், மேலே இருக்கிற ஒருவரின் பொறுப்பு கீழே இருக்கிற ஒருவர் மீதான சந்தேகமாக மாறிவிடும்.

கடைசியில் நான் எழுதியது: "காளைகளைக் கால்நடைத் துறையினர் முறையாகச் சோதிப்பதையும், காளைகளுக்கு யாரும் எந்த வடிவிலும் ஊக்கமருந்து கொடுக்காமல் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்." தமிழில் 'வேண்டும்' எழுவாய் இல்லாமலே நிற்கும், ஆனால் கேட்கிறவருக்கு "யாரு?" என்று வாயில் வரும். வரட்டும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'யார் என்று மூலத்தில் இல்லை' என்றும் எழுதினேன். மொழி சரளமாக இருக்க வேண்டும் என்பது என் பொறுப்பு. சட்டம் முழுமையாக இருக்கிறது என்ற தோற்றத்தைக் கொடுப்பது என் பொறுப்பு இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி அடக்கமாக இருக்க வேண்டியதில்லை. 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு கடிதம் வந்து, அதில் நிராகரித்த அதிகாரியே கையெழுத்தும் போட்டிருந்தால், 'உங்கள் மனுவை நான் நிராகரித்திருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாக எழுதலாம். ஆள் அந்தத் தாளிலேயே இருக்கிறார். சட்டப் பிரிவைப் பார்த்தால் அதிகாரி யார் என்று தெரிகிறபோதும் அப்படித்தான். ஆள் தாளிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, என் ஊகத்தில்தான் இருக்கிறார் என்றால் மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்.

இதே அறிவிக்கையின் தொடக்க வாக்கியம் மட்டும் செய்வினையில் இருக்கிறது. சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு மத்திய அரசு இதைக் குறித்துரைக்கிறது என்று எழுவாய் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அதிகாரத்தைச் சொல்லும்போது ஆள் இருக்கிறார். கடமைகள் தொடங்கியதும் 'பட' வந்துவிடுகிறது, ஓரிடத்தில் எழுவாயே காணாமல் போகிறது. பெரியப்பாவுக்கு நான் ரெண்டு தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தேன், 'நாம', 'அவிங்க' என்று. அந்த உறுதிசெய்வது இரண்டிலும் இடம் பிடிக்காமல் மூன்றாவதாக ஒரு துண்டுச் சீட்டில் நின்றது. அவர் மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை மட்டும் கலெக்டர் ஆபீஸ்ல கேக்கணும்" என்று துண்டுச் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

கேட்பதற்கு நேரம் இருக்கவில்லை. ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. "இந்த வருசமும் வாடி தொறக்கல" என்றார்கள் ஊரில். திறக்கவில்லை என்றால் வாடி தானாகத் திறக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், யாரோ அதைத் திறக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். திற என்ற வினை இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று ஊரில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.