மணி ஆறா, ஐந்தே முக்காலா?

சேக்காட்டிலிருந்து விடியற்காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பும் ஒரு காண்டிராக்ட் தொழிலாளியின் கேள்வி இது. ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஆனால் ஐந்தே முக்காலுக்கே யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ, ஹெல்மெட் சகிதம் போர்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். நேற்று எத்தனை பீஸ் ரிஜெக்ட், இன்று யாருக்கு எந்த மெஷின் என்று சூப்பர்வைசர் சொல்வார். "அந்தப் பதினஞ்சு நிமிஷம் வேலையா, இல்லையாண்ணே?"

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மீட்டிங்குக்கு வராவிட்டால் என்ன ஆகும்? திட்டு விழும், இரண்டாம் முறை மெமோ வரும் என்றால் அது வேலைதான். வராததற்குத் தண்டனை உண்டு, வந்ததற்குக் கூலி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டை மாற்றுகிற விஷயம் கொஞ்சம் சிக்கல். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்று சொன்னதே தவிர, உடை மாற்றும் நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லவில்லை. ஜப்பானில் இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. நாகசாகியில் உள்ள மிட்சுபிஷி கப்பல் தளத்தின் தொழிலாளர்கள் போட்ட வழக்கு. 2000 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி கட்டாயப்படுத்திய உடையை, கம்பெனி காட்டிய இடத்தில் மாற்றிக்கொள்ளும் நேரம் வேலை நேரமே. அங்கிருந்து வேலைக்கு முந்தைய உடற்பயிற்சி நடக்கும் இடத்துக்கு நடப்பதும் வேலை நேரமே. ஆனால் கேட்டிலிருந்து உடை மாற்றும் அறை வரை நடப்பதற்குக் கூலி கிடையாது. வேலை முடிந்து குளிப்பதற்கும் கிடையாது.

எனக்கு இந்தக் கோடு பிடித்திருக்கிறது. முதலாளியின் உத்தரவு எங்கே தொடங்குகிறதோ அங்கே கடிகாரமும் தொடங்குகிறது. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வரக்கூடிய சாதாரணச் சட்டையென்றால் நான் முதலாளி பக்கம். எண்ணெய்க் கறை யூனிஃபார்மை லாக்கரில்தான் வைக்க வேண்டும், வெளியே போட்டுப் போகக்கூடாது என்றால் தொழிலாளி பக்கம்.

பத்து நிமிஷத்துக்குப் போய் இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு, பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. மாற்ற ஏழு நிமிஷம், மீட்டிங் பதினைந்து, முடிந்து கழற்ற எட்டு. ஆக முப்பது நிமிஷம். மாதம் 26 நாளுக்கு 13 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்கு ஒருவர் நாளொன்றுக்கு 600 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அப்படியானால் 13 தடவை 150, மாதம் 1,950 ரூபாய். பத்து நிமிஷம் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஐந்து நிமிஷம் லேட் என்றால் அரை மணிச் சம்பளம் வெட்டுகிற இடங்கள் உண்டு. வராத நேரத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று 1936ஆம் வருஷச் சட்டமே சொல்லிவிட்டது. இப்போதைய ஊதியத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது.

சரி, எப்படிப் பதிவது? கேட்டில் விரல் வைக்கும் மெஷின் இதற்குச் சாட்சியாகாது. கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் 5.20க்கே பஞ்ச் விழும். அதன் பிறகு கேண்டீனில் டீ குடித்தபடி கிரிக்கெட் பேசிய நேரத்துக்கும் கூலி கேட்டால் முதலாளி சிரிப்பார். சிரிக்க வேண்டியதுதான். உடை மாற்றும் அறை வாசலில் மெஷினை வைக்கலாம். முடியாவிட்டால் ஒரு வாரம் இரு தரப்பும் கடிகாரத்தோடு நின்று பார்த்து, மாற்றுவதற்கு இத்தனை நிமிஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

மீட்டிங்குக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. பல கம்பெனிகளில் ஆடிட்டருக்குக் காட்ட மீட்டிங் ஷீட் இருக்கிறது. தேதி, 5.45 என்ற நேரம், வந்தவர்களின் கையெழுத்து எல்லாம் அதிலேயே உண்டு. அதே ஆளின் பெயருக்கு நேரே சம்பளக் கணக்கில் வேலை ஆரம்பம் 6.00 என்றிருக்கும்! ஒரே கம்பெனி, ஒரே ஆள், இரண்டு கணக்கு. இரண்டில் ஒன்று பொய்.

காண்டிராக்ட் ஆட்களுக்கு இங்கேதான் இடிக்கும். மீட்டிங் நடத்துவது கம்பெனி சூப்பர்வைசர், மஸ்டர் ரோல் எழுதுவது காண்டிராக்டர். கேட்டால் "அது எங்களுக்குத் தெரியாது" என்பார். ஆகவே அந்த ஷீட்டின் நகல் மாதக் கடைசியில் காண்டிராக்டருக்குப் போக வேண்டும், மஸ்டர் ரோலில் ஆரம்ப நேரம் 5.38 என்று ஏற வேண்டும். அதுவரை தொழிலாளி தன் பாக்கெட் நோட்டில் தேதியும் மூன்று நேரமும் எழுதி வரட்டும்: சட்டை மாற்றத் தொடங்கியது, மீட்டிங் தொடங்கியது, சட்டை கழற்றி முடித்தது.